வீடியோவுக்குக் கீழே நாலு வரி

என் அக்கா குடும்பம் மதுரையில் இருக்கிறது. 2024 டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில், அக்கா, அத்தான், அத்தானின் அப்பா அம்மா, பத்து வயதுப் பையன், ஆறு வயதுப் பெண் என்று ஆறு பேரும் மூன்று நாள் ஊட்டிக்குப் போய் வந்தார்கள். அக்கா போன முழுக்க வீடியோ எடுத்தாள். இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, பத்தொன்பது நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான வீடியோவாக யூடியூபில் ஏற்றினாள். அதற்குக் கீழே, டிஸ்கிரிப்ஷன் என்கிற பெட்டியில், அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘எங்கள் ஊட்டி ட்ரிப். மறக்க முடியாத மூன்று நாட்கள். முழுசா பார்த்துட்டு சொல்லுங்க.’

வீடியோ நன்றாகவே இருந்தது. ஆனால் பார்த்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அக்காவுக்குப் போன் செய்தார்கள். பெரியப்பா மகள், தன் மாமியாருக்கு முழங்கால் வலி, மலை ரயிலில் ஏற முடியுமா என்று கேட்டாள். திண்டுக்கல் சித்தப்பா, காரில் போனால் இ-பாஸ் வேண்டுமா என்று கேட்டார். இன்னொருவர், ரயில் வருகிற இடம் எத்தனையாவது நிமிடம் என்று கேட்டார். இவை எல்லாவற்றுக்கும் வீடியோவுக்குள்ளேயே பதில் இருந்தது. ஆனால் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் மதுரைக்குப் போனபோது அக்கா லேப்டாப்பைத் தூக்கி என் முன்னால் வைத்தாள். “தம்பி, நீ பத்திரிகையில எழுதுறவன்தானே, இதுக்கு நாலு வரி எழுதிக் கொடு” என்றாள். நாலு வரி என்று ஆரம்பித்த வேலை மதியம் முழுக்க இழுத்தது. குடும்பத்தோடு மலையூருக்குப் போய் வந்து வீடியோ போடுகிறவர்கள் இப்போது வீட்டுக்கு ஒருவர் இருப்பதால், அன்று நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் சுருக்கம். டிஸ்கிரிப்ஷனில் 5,000 எழுத்து வரை எழுதலாம். ஆனால் வீடியோவைத் திறந்ததும் கண்ணில் படுவது முதல் இரண்டு மூன்று வரிதான். மிச்சத்தைப் படிக்க, ‘மேலும்’ என்பதைத் தட்ட வேண்டும், பலர் தட்டுவதில்லை. தேடும்போது வீடியோ பெயருக்குக் கீழே தெரிகிற துண்டும் பெரும்பாலும் இந்தத் தொடக்க வரிகளிலிருந்தே வருகிறது. அக்காவின் முதல் வரி, ‘மறக்க முடியாத மூன்று நாட்கள்.’ அவளுக்கு அது உண்மை. ஆனால் ஊட்டிக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

“போன் பண்ணினவங்க என்னென்ன கேட்டாங்க, சொல்லு” என்றேன். அவள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினேன். யார் யார் போனார்கள், எப்படிப் போனார்கள், எந்த மாதம், வயதானவர்களால் முடிந்ததா, காருக்கு என்ன விதி: ஐந்து கேள்விகள். இந்த ஐந்துக்கும் பதில் சொன்னால் அதுவே சுருக்கம். எழுதிப் பார்த்தபோது இப்படி வந்தது:

```
மதுரையிலிருந்து 4 பெரியவர்கள், 2 குழந்தைகள்,
3 நாள் ஊட்டி (உதகை) பயணம், டிசம்பர் 2024.
மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறிப் போனோம்;
குன்னூர் வழியாக டாக்சியில் இறங்கினோம்.
முழங்கால் வலி உள்ள பாட்டியால் எங்கெல்லாம்
நடக்க முடிந்தது என்பதையும் சொல்லியிருக்கிறோம்.
ரயிலில், அரசு பேருந்தில் வருவோருக்கு இ-பாஸ்
தேவையில்லை; வெளியூர் கார் என்றால் வேண்டும்.
```

இதில் மாதமும் வருடமும் இருப்பதைப் பாருங்கள். அக்கா அதை எடுத்துவிடலாம் என்றாள். வீடியோ பழசாகத் தெரியுமே என்று அவளுக்குக் கவலை. நான் விடவில்லை. மலையூருக்கு மாதம் மிக முக்கியம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். காலையில் புல்வெளி உப்பு தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும். ஆறு வயதுக் குழந்தைக்குக் கையுறையும் காதுக் குல்லாவும் இல்லாமல் முடியாது. அதே ஊருக்கு மே மாத சீசனில் போனால், குளிரைவிட மலைப்பாதையில் வண்டிகள் நிற்பதுதான் பெரிய தொல்லை. தேதி போடாத வீடியோவில், டிசம்பரில் காலியாகத் தெரிகிற சாலையைப் பார்த்துவிட்டு ஒருவர் மே மாதம் கைக்குழந்தையோடு கிளம்பிவிடலாம்.

‘உதகை’ என்ற சொல்லை அடைப்புக்குள் போட்டதற்கும் காரணம் உண்டு. பேச்சில் எல்லாரும் ஊட்டி என்கிறோம். செய்தித்தாள்களும் பேருந்துப் பலகைகளும் உதகை என்கின்றன. ரயில் நிலையத்தின் பெயர் உதகமண்டலம். தேடுகிறவர் எந்தப் பெயரைத் தட்டுவார் என்று நமக்குத் தெரியாது. வாக்கியத்துக்குள் இயல்பாக இரண்டு பெயரும் ஒருமுறை வந்துவிட்டால் போதும்.

அடுத்தது சாப்டர்கள். அன்று மதியத்தின் பெரும்பகுதி இதிலேயே போனது.

சாப்டர் என்பது வீடியோவை அத்தியாயங்களாகப் பிரிப்பது. டிஸ்கிரிப்ஷனில் நேரத்தையும் அதன் பக்கத்தில் தலைப்பையும் வரிவரியாக எழுதினால், வீடியோவின் அடியில் ஓடுகிற கோடு துண்டு துண்டாகப் பிரிந்து தெரியும். ஒவ்வொரு துண்டின் மேல் விரலை வைத்தாலும் அதன் தலைப்பு வரும். பார்க்கிறவர் தனக்கு வேண்டிய இடத்துக்கு நேரே போய்விடலாம்.

அக்கா ஏற்கெனவே ஒருமுறை இதை முயன்றிருக்கிறாள். “எழுதினேன்டா, வரவே இல்லை. அப்புறம் அழிச்சுட்டேன்” என்றாள். நல்ல வேளையாக, எழுதியது போனில் குறிப்பாக இருந்தது. முதல் சில வரிகள் இப்படி:

```
0.05 ஆரம்பம்
3.10 ட்ரெயின்!!!
3.16 வாவ்
6:30 காலையில் ஸ்டேஷன் கூட்டம் (0.50)
```

இந்த நாலு வரியில் நாலு தவறு இருந்தது. நான்குமே தமிழில் எழுதுகிறவர்கள் எளிதில் செய்யக்கூடியவை என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாம் நேரத்தை 6.30 என்று நடுவில் புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். பஞ்சாங்கத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான். யூடியூபுக்கு அது வெறும் எண். நேரம் என்று அது புரிந்துகொள்ள இரண்டு புள்ளி வேண்டும்: 3:10. அக்காவின் பட்டியலில் வீடியோ நேரங்கள் எல்லாம் ஒற்றைப் புள்ளியோடு இருந்ததால், எதுவுமே நீல இணைப்பாக மாறவில்லை.

கடைசி வரியில் இதே தவறு தலைகீழாக நடந்திருந்தது. காலை ஆறரை மணி என்பதை அவள் 6:30 என்று எழுதியிருந்தாள். அதை யூடியூப், வீடியோவின் ஆறாவது நிமிடம் முப்பதாவது வினாடி என்று எடுத்துக்கொள்ளும். தட்டினால் ஸ்டேஷன் வராது, எங்கேயோ போகும். ஆகவே வீடியோ நேரத்துக்கு இரண்டு புள்ளி, கடிகார நேரத்துக்கு ஒற்றைப் புள்ளி என்று வைத்துக்கொண்டோம். நம் பழைய வழக்கம் இங்கே உதவியாகவே இருக்கிறது.

மூன்றாவது, பட்டியல் 0:05-இல் தொடங்கியது. முதல் நேரம் கண்டிப்பாக 00:00 ஆக இருக்க வேண்டும். முதல் ஐந்து வினாடியில் வெறும் பெயர்ப்பலகைதான் ஓடுகிறது என்றாலும் அங்கிருந்துதான் எண்ண வேண்டும். இது இல்லாவிட்டால் நேரங்கள் இணைப்பாக மாறலாம். ஆனால் கீழ்க்கோடு பிரியாது. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கவனித்தால், எங்கே பிசகு என்று எளிதில் கண்டுபிடிக்கலாம். எண்கள் நீலமாகவே ஆகவில்லை என்றால் எழுதிய விதத்தில் தவறு. நீலமாகி, கோடு மட்டும் பிரியவில்லை என்றால் தொடக்கம், வரிசை, இடைவெளி ஆகிய மூன்றில் ஒன்றில் தவறு.

இடைவெளிதான் நான்காவது. ஒரு சாப்டர் குறைந்தது பத்து வினாடி இருக்க வேண்டும். 3:10-க்கும் 3:16-க்கும் நடுவே ஆறு வினாடிதான். வரிசையும் ஏறுமுகமாக இருக்க வேண்டும், மொத்தத்தில் குறைந்தது மூன்று சாப்டராவது வேண்டும். அக்காவின் குறிப்பில் நினைவு வந்த வரிசையில் எழுதியிருந்ததால், ஸ்டேஷன் கூட்டம் ரயிலுக்குப் பின்னால் போயிருந்தது.

விதிகளைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. நேரம் பிடித்தது தலைப்புகளுக்குத்தான். ‘வாவ்’ என்பது அக்கா உணர்ந்தது. பார்க்கிறவர் தேடுவது வேறு. நான் தாளில் எழுதி வைத்திருந்த போன் கேள்விகளை மறுபடி எடுத்தோம். ரயில் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை சுமார் 46 கிலோமீட்டர். மேலே ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. இவ்வளவு சிறிய தூரத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் என்பது கல்லாறு தாண்டியதும் புரியும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளம் போகிறது. எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி மேலே போகிறது. இந்த ஏற்றத்தில் எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால்தான் முதல் பெட்டியில் இருந்தவர்களுக்கு எதிரே மலை திறந்து கிடந்தது. அக்காவின் வீடியோவிலேயே அழகான காட்சி அதுதான். குன்னூரில் இந்த எஞ்சினைக் கழற்றி, டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். அதற்கு மேல் பல்சக்கரம் கிடையாது.

இது முழுவதையும் அக்கா ‘ட்ரெயின்!!!’ என்ற ஒரே தலைப்பில் போட்டிருந்தாள். நாங்கள் அதை இரண்டாகப் பிரித்தோம். பல்சக்கர ஏற்றம் ஒன்று. குன்னூரில் எஞ்சின் மாற்றும் நேரம் மற்றொன்று. இரண்டாவதில் பார்க்க அதிகமில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. அத்தை சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்: “அங்கதாம்மா நான் இறங்கிப் போனேன். பெட்டியில கக்கூஸ் இல்லைன்னு யாரும் முன்னாடியே சொல்லலையே.” அவர்கள் போன பெட்டியில் கழிப்பறை இல்லை; வழியில் நிற்கும் நிலையங்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. சர்க்கரை நோயுள்ள பெரியவரை அழைத்துப் போகிறவருக்கு, மூடுபனியைவிட இந்த ஒரு தகவல் பெரிது. அத்தையின் வார்த்தையை அப்படியே தலைப்பில் சேர்த்தோம்.

தாவரவியல் பூங்காவுக்கும் அதே கணக்குதான். 1848-இல் அமைக்கத் தொடங்கிய பூங்கா, மலைச்சரிவில் அடுக்கடுக்காக மேலே போகிறது. வாசலையொட்டிய புல்வெளியும் பூம்பாத்திகளும் வரை அத்தை சிரமமில்லாமல் நடந்தார். அதற்கு மேலே ஏற்றம். அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, குழந்தைகள் மட்டும் போனார்கள். குன்னூர் சிம்ஸ் பூங்கா இதற்கு நேர்மாறு. சாலையோர வாசலில் நுழைந்ததும் பாதை பள்ளத்தில் இறங்குகிறது. இறங்கும்போது சுகமாக இருக்கும். திரும்பும்போது அவ்வளவையும் ஏற வேண்டும். இதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டோம்.

முடிவில் பட்டியல் இப்படி ஆனது:

```
00:00 மூன்று நாள், ஒரு பார்வை
00:48 மேட்டுப்பாளையம் ஸ்டேஷன், காலை 6.30
02:35 மலை ரயில்: கல்லாறு முதல் குன்னூர் வரை
06:20 குன்னூரில் எஞ்சின் மாற்றம், கழிப்பறை
07:55 ஊட்டி அறை: வெந்நீர், படிக்கட்டு, குளிர்
09:52 தாவரவியல் பூங்கா: பெரியவர்கள் நடக்கும் பகுதி
13:02 ஊட்டி ஏரி: படகுக்குக் காத்திருந்தது
14:47 சிம்ஸ் பூங்கா: இறங்கினால் ஏற வேண்டும்
16:32 கொண்டை ஊசி வளைவு, குழந்தைக்கு வாந்தி
17:42 மொத்தச் செலவு
```

வாந்தியைப் போட வேண்டாம் என்று அத்தான் தயங்கினார். பாப்பாவின் முகம் தெரியாத காட்சிதான் அது. வண்டி ஓரமாக நிற்பதும், அக்கா தண்ணீர் கொடுப்பதும், காலையில் இட்லியை எவ்வளவு சாப்பிட்டாள் என்று பேசுவதும். சின்னக் குழந்தையோடு மலை இறங்குகிற யாருக்கும் அது வேண்டியிருக்கும் என்று நான் வாதாடினேன். அத்தான் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்: பையன் போட்டிருந்த பள்ளி ஸ்வெட்டரைப் பற்றி அக்கா எழுதும்போது பள்ளியின் பெயரையும் டிஸ்கிரிப்ஷனில் எழுதியிருந்தாள். அதை உடனே நீக்கினோம். குழந்தைகள் வருகிற வீடியோவின் கீழே பள்ளிப் பெயர், தெருப் பெயர், வீட்டு எண், போன் நம்பர் எதுவும் வேண்டாம்.

எல்லாம் சரியாகி, கீழ்க்கோடு பத்துத் துண்டாகப் பிரிந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக் காப்பி குடித்தோம். அப்போதுதான் அத்தை வந்து வீடியோவை முதல்முறையாகப் பெரிய திரையில் பார்த்தார். அறையில் தலைவிரி கோலமாக, கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருக்கும் தன் காட்சி வந்ததும், “இதை எடுத்துடும்மா, நல்லா இல்லை” என்றார். எட்டே முக்கால் நிமிடத்துக்கு அருகே வருகிற இருபத்திரண்டு வினாடிக் காட்சி. யூடியூபின் உள்ளேயே இருக்கும் எடிட்டரில் அக்கா அதை வெட்டினாள். வீடியோ 19:04-இலிருந்து 18:42 ஆகக் குறைந்தது.

டிஸ்கிரிப்ஷனில் எழுதிய நேரங்கள் இதனால் தானாக மாறுவதில்லை. வெட்டுக்கு முன்னால் உள்ள ஐந்து நேரங்களுக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் உள்ள ஐந்தும் இருபத்திரண்டு வினாடி தள்ளி நிற்கும். இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ‘மொத்தச் செலவு’ என்பதைத் தட்டினால் வீடியோ 17:42-க்குப் போகிறது. பேச்சு தொடங்குவதோ இப்போது 17:20-இல். அந்த முதல் இருபத்திரண்டு வினாடியில்தான் அக்கா அறை வாடகையையும் ரயில் கட்டணத்தையும் சொல்கிறாள். பார்க்கிறவர் காதில் விழுவது சாப்பாட்டுச் செலவிலிருந்துதான். மொத்தமே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வார். ஆகவே ஐந்து வரியையும் திருத்தினோம்: 09:30, 12:40, 14:25, 16:10, 17:20. பிறகு பத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டி, சொன்ன இடத்துக்குப் போகிறதா என்று போனிலும் பார்த்தோம். வீடியோவில் இனி கை வைக்கப் போவதில்லை என்று உறுதியான பிறகு நேரங்களைக் குறிப்பது நல்லது. முன்பே குறித்திருந்தால், வெட்டிய நீளத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் கழித்துவிடலாம்.

ஹேஷ்டேக் பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்லத் தேவையில்லை. அக்கா ஒரு தோழியிடமிருந்து நாற்பதுக்கு மேல் வாங்கி ஒட்டியிருந்தாள். அதில் #viral இருந்தது, #கொடைக்கானல் இருந்தது, #தொட்டபெட்டா இருந்தது. கொடைக்கானலுக்கு அவர்கள் போகவே இல்லை. தொட்டபெட்டாவுக்குப் போகக் கிளம்பி, மூடுபனி இறங்கியதால் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். வீடியோவில் ஒரு காட்சிகூட இல்லை. வீடியோவில் இல்லாத ஊரின் பெயரை ஹேஷ்டேக்காகப் போடுவது, தேடி வருகிறவரை ஏமாற்றுவது. யூடியூபின் விதிகளும் இதை அனுமதிப்பதில்லை. அப்படிப்பட்ட வீடியோவை நீக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. எண்ணிக்கை 60-ஐத் தாண்டினால் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளாது. அதிகம் போட்டாலும் வீடியோ தலைப்புக்கு அருகே தெரிவது மூன்றுதான்.

நாங்கள் ஐந்தோடு நிறுத்திக்கொண்டோம்:

```
#ஊட்டி #Ooty #நீலகிரிமலைரயில்
#குன்னூர் #குடும்பச்சுற்றுலா
```

தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக ஊர்ப்பெயர் இருப்பது, தமிழ் வீடியோ தேடும் பலர் ஆங்கில எழுத்தில் தட்டுவதால். ஹேஷ்டேக்குக்குள் இடைவெளி விடக் கூடாது. ‘#நீலகிரி மலை ரயில்’ என்று பிரித்து எழுதினால் ‘#நீலகிரி’ மட்டும்தான் இணைப்பாகும், மலையும் ரயிலும் வெறும் சொல்லாகக் கீழே நிற்கும். பதிவிட்ட பின் சொல் முழுவதும் நீலமாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஹேஷ்டேக்குகளைக் கடைசியில் வையுங்கள். முதல் வரியிலேயே வைத்தால், சுருக்கம் தெரிய வேண்டிய இடத்தை அவை பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக இ-பாஸ் வரி. சுருக்கத்தில் நாங்கள் அதைச் சேர்த்தபோது சித்தப்பாவின் ஒரு கேள்விக்குப் பதில் என்றுதான் நினைத்தோம். அதுதான் அதிகம் பயன்பட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பதிவு செய்துதான் வர வேண்டும். பிறகு 2025 ஏப்ரல் முதல் சீசன் நாட்களில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. அக்காவின் பயணம் டிசம்பரில் முடிந்துவிட்டது. வீடியோவில் அவள் பேசியதை மாற்ற முடியாது. ஆனால் டிஸ்கிரிப்ஷனை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். ஏப்ரலில் அவள் ஒரு வரி சேர்த்தாள்: ‘2025 ஏப்ரல்: சீசனில் வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. கிளம்பும் முன் இ-பாஸ் பதிவு செய்யுங்கள்: epass.tnega.org’.

2024 மே மாதத்துக்கு முன் எடுத்த ஊட்டி, கொடைக்கானல் வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் எல்லாரும் காரில் நேராக மேலே ஏறிப் போகிறார்கள். இ-பாஸ் என்ற பேச்சே இல்லை. அவற்றைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளோடு அடிவாரச் சோதனைச்சாவடி வரை போய் நிற்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. உங்களுடைய பழைய வீடியோ அப்படி ஒன்று இருந்தால், இன்றே அதன் டிஸ்கிரிப்ஷனைத் திறந்து, எடுத்த மாதத்தையும் இ-பாஸ் வரியையும் முதல் வரியில் சேர்த்துவிடுங்கள்.